கடிதத்தின் கடைசிப் பகுதி வாசகர்களுக்குப் போய்ச் சேரவில்லை: அனுப்பியவருக்கு அது எப்படித் தெரியும்?

நூல்வட்டம் (வெள்ளவத்தை)

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் மாதாந்தக் கடிதத்தை நான்தான் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். ஏறக்குறைய முந்நூறு பேருக்குப் போகிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கனடா, லண்டன். கடிதம் நீளமானது. நான்கு நூல் அறிமுகங்கள், ஒரு நீண்ட கட்டுரை, உறுப்பினர் செய்திகள், கடைசியில் அடுத்த கூட்டத்தின் இடமும் நேரமும், வருகிறவர்கள் பெயர் பதியும் இணைப்பும் இருக்கும்.

இந்த மாதம் கூட்ட இடம் மாறியது. வழக்கமான மண்டபத்தில் திருத்த வேலை நடப்பதால் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டு மாடிக்கு மாற்றினோம். அதைக் கடிதத்தின் இறுதியில் தெளிவாக எழுதியிருந்தோம். ஆனால் போயா தினத்தன்று பலர் பழைய மண்டபத்து வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அதில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய இருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்தவர்கள். எனக்கு அது மிகவும் மனவருத்தமாக இருக்கிறது.

அவர்களோடு கதைத்தபோது ஒரு விஷயம் விளங்கியது. அவர்கள் கடிதத்தைக் கவனமாக வாசித்திருக்கிறார்கள். நீண்ட கட்டுரையைப் பற்றி என்னோடு விவாதிக்கவே செய்தார்கள். ஆனால் உறுப்பினர் செய்திகளோ கூட்ட அறிவிப்போ அவர்கள் கண்ணில் படவேயில்லை. நாங்கள் பயன்படுத்தும் அஞ்சல் அனுப்பும் சேவையின் அறிக்கை எல்லாம் "போய்ச் சேர்ந்தது" என்றுதான் சொல்கிறது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. என்னுடைய கணினியில் உள்ள பிரதியிலும் கடைசி வரி வரை இருக்கிறது.

கேள்வி இதுதான். கடிதத்தின் முடிவு அந்தப் பக்கத்தில் காணாமல் போனதை, அனுப்புகிற இந்தப் பக்கத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

---

தெஹிவளைத் தம்பி

ஈமெயிலுக்கு 25 எம்பிதான் எல்லை. அதைத் தாண்டினால் போகாது. படங்களைச் சிறிதாக்கிப் போடுங்கள், சரியாகிவிடும். நான் கம்பஸுக்கு ஒரு வீடியோவை அனுப்பப் பார்த்து இதே பிரச்சினைதான் வந்தது. கடைசியில் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பினேன்.

---

அஞ்சல்காரன்

தம்பி, நீங்கள் சொல்வது வேறு எல்லை. அது இணைப்புக் கோப்புகளுக்கானது. கோப்பு அஞ்சலுக்குள் போகும்போது எழுத்துவடிவத்துக்கு மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். அதனால் 25 எம்பியை நெருங்கும் கோப்பு எதிர்பாராமல் எல்லையைத் தாண்டிவிடும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டினால் அஞ்சல் முழுதாக மறுக்கப்படும். 552 என்று தொடங்கும் ஒரு பிழைச் செய்தி அனுப்பியவருக்கே திரும்பி வரும். பாதி மட்டும் போகிற கதை அதில் இல்லை.

நூல்வட்டம் அக்கா சொல்வதில் எதுவும் திரும்பி வரவில்லை, வாசகர்கள் முதல் பகுதியை வாசித்திருக்கிறார்கள். அப்படியென்றால் பெரும்பாலும் அஞ்சல் முழுதாகப் போய்ச் சேர்ந்து, காட்டும் இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். ஜிமெயில் அப்படிச் செய்யும். ஒரு அஞ்சலின் எச்.டி.எம்.எல் பகுதி சுமார் 102 கேபியைத் தாண்டினால் அதுவரை மட்டும் திரையில் காட்டிவிட்டு, கீழே சிறிய எழுத்தில் `Message clipped` என்றும் பக்கத்தில் `View entire message` என்ற இணைப்பும் போடும். அந்த இணைப்பை அழுத்தினால் முழுக்கடிதமும் தனிப் பக்கத்தில் திறக்கும். அழுத்தாதவருக்குக் கடிதம் அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "போய்ச் சேர்ந்தது" என்ற அறிக்கை பொய் அல்ல. பெறும் பக்கத்துச் சேவையகம் முழு அஞ்சலையும் ஏற்றுக்கொண்டு 250 என்று பதில் சொல்லிவிட்டது. அந்த இடத்தோடு அனுப்பும் பக்கத்தின் வேலை முடிகிறது. வெட்டுவது அதற்குப் பிறகு, வாசகர் அதைத் திறக்கும்போது நடக்கிறது. அதனால் அந்த வெட்டைச் சொல்லும் அறிவித்தல் எதுவும் அனுப்பியவருக்கு ஒருபோதும் வராது. நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

---

நூல்வட்டம் (வெள்ளவத்தை)

மிக்க நன்றி. ஆனால் எங்கள் கடிதத்தில் இரண்டே படங்கள். மற்றதெல்லாம் எழுத்து. எழுத்து மட்டும் 102 கேபியைத் தாண்டுமா? நீண்ட கட்டுரையோடு சேர்த்தும் மொத்தம் 2,300 சொற்கள் அளவுதான் வரும்.

---

அஞ்சல்காரன்

படங்கள் கணக்கில் வராது. அவை வெளியே ஒரு சேவையகத்தில் இருக்கும், கடிதத்துக்குள் அவற்றின் முகவரி மட்டும்தான் இருக்கும். எடை கூடுவது எழுத்தாலும், எழுத்தைச் சுற்றியிருக்கும் குறிகளாலும்.

தமிழ் எழுத்துக்கு எடை கூட. யுனிகோட் தமிழை இப்போது எல்லோரும் யு.டி.எஃப்-8 முறையில் அனுப்புகிறோம். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படும். "கொழும்பு" என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள். க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என்று எட்டு. எட்டு மூன்று 24 பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து, 7 பைட். அதனால் இணையத்தில் ஆங்கிலக் கடிதங்களை மனதில் வைத்து "இத்தனை சொல் வரை பயமில்லை" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பினால் நமக்குப் பிழைக்கும்.

உங்கள் 2,300 சொற்களும் தனியாக 55,000 இலிருந்து 60,000 பைட் வரை வரும். அதுவே எல்லையில் பாதியைத் தாண்டிவிட்டது. மீதியை என்ன தின்கிறது என்று பார்க்க வேண்டும். கடிதத்தை எதில் தட்டெழுதி எடுக்கிறீர்கள்?

---

நூல்வட்டம் (வெள்ளவத்தை)

கட்டுரையாளர்கள் வேர்ட் கோப்பாகத் தருவார்கள். அதிலிருந்து எடுத்து அஞ்சல் சேவையின் பக்கத்தில் ஒட்டுவோம். இப்போது அனுப்பிய கடிதத்தை எங்கே, எப்படி எடுத்துப் பார்ப்பது?

---

பழைய அச்சகம்

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். நாங்கள் பாமினி எழுத்துருவில் அனுப்பிய காலத்தில் இதைவிட நீளமான மடல்கள் போயின, எதுவும் வெட்டுப்படவில்லை. பாமினியில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். யுனிகோடுக்கு மாறிய பிறகுதான் இந்தத் தொல்லை. எனக்கு இன்னும் பாமினியில்தான் கை ஓடுகிறது.

---

அஞ்சல்காரன்

அச்சகம் ஐயா, எடைக் கணக்கில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பாமினியில் சேமிக்கப்படுவது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அதனால் மூன்றில் ஒரு பங்கு எடை. ஆனால் வாசகரின் போனில் அந்த எழுத்துரு இல்லையென்றால் முதல் வரியிலிருந்தே ஒன்றும் விளங்காது. அதோடு, வெட்டும் எல்லை ஜிமெயிலுடையது. அந்தக் காலத்தில் உங்கள் வாசகர்கள் வேறு மென்பொருளில் வாசித்திருந்தால் பாமினி காரணமாகவே தப்பினீர்கள் என்று சொல்லவும் முடியாது.

நூல்வட்டம் அக்கா, உங்கள் பட்டியலில் உங்களுடைய சொந்த ஜிமெயில் முகவரி ஒன்றைச் சாதாரண உறுப்பினர் மாதிரிச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் கணினியில் உலாவியில் அதைத் திறந்து இறுதி வரை உருட்டிப் பாருங்கள். அப்புறம் அதே அஞ்சலின் மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்று இருக்கும். அதில் `Download Original` கொடுத்தால் `.eml` கோப்பு ஒன்று கிடைக்கும். அதுதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த உண்மையான கடிதம். பைத்தான் இருக்கும் யாராவது இந்தச் சிறு நிரலை அதன்மேல் ஓட்டட்டும்:

```
import sys, email
from email import policy
f = open(sys.argv[1], "rb")
m = email.message_from_binary_file(f, policy=policy.default)
h = m.get_body(("html",)).get_content()
print(len(h.encode("utf-8")))
print(h[-150:])
```

முதலில் வரும் எண் எச்.டி.எம்.எல் பகுதியின் எடை, பைட்டில். அடுத்து வருவது அந்தப் பகுதியின் கடைசித் துண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். கடைசித் துண்டில் `</html>` என்று ஒழுங்காக முடிந்திருந்து எடை 104,000 ஐத் தாண்டியிருந்தால், கடிதம் முழுதாக வந்து திரையில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. கடைசித் துண்டே பாதியில் நின்றால் பிரச்சினை வேறு, அது வழியில் அல்லது அனுப்பும் இடத்திலேயே தொலைந்திருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை

அந்த இரண்டாவது வகை எங்கள் காரியாலயத்தில் நடந்தது, அதனால் சொல்கிறேன். ஒரு பழைய நிரல் நேரடியாக அஞ்சல் சேவையகத்தோடு பேசி மாத அறிக்கை அனுப்பும். ஒரு மாதம் எல்லோருக்கும் அறிக்கை பாதியில் நின்றது. தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு வரியில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது. அஞ்சல் அனுப்பும் முறையில் தனிப் புள்ளி உள்ள வரி என்றால் "அஞ்சல் முடிந்தது" என்று பொருளாம். ஒழுங்கான மென்பொருள் அப்படிப்பட்ட வரிக்கு முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்பும், பெறும் பக்கம் அதை எடுத்துவிடும். எங்களுடைய பழைய நிரல் அதைச் செய்யவில்லை.

அதில் ஜிமெயில், யாகூ என்ற வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் ஒரே இடத்தில் நின்றது. உங்கள் உறுப்பினர்களில் யாகூ வைத்திருப்பவர்கள் சரியான இடத்துக்கு வந்தார்களா?

---

நூல்வட்டம் (வெள்ளவத்தை)

நல்ல கேள்வி. பதிவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இணைப்பை அழுத்திப் பெயர் பதிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் யாகூ, அவுட்லுக் அல்லது வேலை செய்யும் இடத்து முகவரிக்காரர்கள். ஜிமெயில்காரர்கள் ஒருசிலர்தான், அதில் ஒருவர் ஐபோனில் ஆப்பிள் மெயிலில் வாசிப்பவர் என்று எனக்குத் தெரியும். பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு ஜிமெயில்.

தங்கச்சியின் மகன் நிரலை ஓட்டித் தந்தான். எண் 131,000க்குச் சற்று மேல். கடைசித் துண்டு `</html>` என்றே முடிகிறது. உலாவியில் திறந்தால் நீண்ட கட்டுரையின் இறுதிப் பத்திகளுக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் சொன்ன அந்தச் சிறிய வரி இருக்கிறது. ஒரு பத்தி முடியும் இடத்தில் நிற்பதால் கட்டுரையோடு கடிதம் முடிந்த மாதிரியே தோன்றுகிறது. அவர்கள்மேல் துளியும் குறை சொல்ல முடியாது.

---

அஞ்சல்காரன்

அப்படியென்றால் சந்தேகமே இல்லை. ஐபோன் அன்பருக்குத் தெரிந்ததற்கும் காரணம் அதுதான். ஜிமெயில் முகவரியாக இருந்தாலும் வேறு மென்பொருளில் வாசித்தால் இந்த வெட்டு இல்லை, ஏனென்றால் வெட்டுவது ஜிமெயிலின் திரை. ஆகையால் "முகவரியைப் பார்த்தால் போதும்" என்றும் எண்ணிவிட வேண்டாம். அதே ஆப்பிள் மெயில் சில வேளைகளில் நீண்ட அஞ்சலைப் பகுதியாக மட்டும் இறக்கிவிட்டு மீதியை இறக்கட்டுமா என்று கேட்பதும் உண்டு. ஆனால் அதில் கேட்பது கண்ணுக்குத் தெரியும்.

அந்த `.eml` கோப்பை, உறுப்பினர் பெயர்களை எடுத்துவிட்டு எனக்குத் தனிமடலில் அனுப்புகிறீர்களா? எது எவ்வளவு தின்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

---

கொட்டாஞ்சேனை அக்கா

நான் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்குக் கடிதம் அனுப்புகிறவள். எனக்கு நிரல் எல்லாம் தெரியாது. நான் செய்வது, கடிதம் போன மறுநாள் வெவ்வேறு ஆட்கள் மூன்று பேருக்குப் போன் எடுப்பேன். "கடிதம் கிடைத்ததா" என்று கேட்க மாட்டேன், கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "கடைசி வரியை எனக்கு வாசித்துக் காட்டுங்கோ" என்று கேட்பேன். வாசித்துக் காட்டும்போதே தெரிந்துவிடும்.

அதோடு முக்கியமான அறிவிப்பை முதலில் போடுங்கள். இடம் மாறிய விஷயத்தை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்?

---

தெஹிவளைத் தம்பி

இன்னொன்று. சேவையின் அறிக்கையில் "திறந்தவர்கள்" என்று ஒரு எண் வருமே? அது குறைந்தால் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். எங்கோ வாசித்தேன். அதைப் பார்த்தாலே போதும், போன் எல்லாம் தேவையில்லை.

---

அஞ்சல்காரன்

தம்பி இந்த முறை பாதித் தூரம் சரியாக வந்துவிட்டார். அந்த எண் எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். சேவை ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மிகச் சிறிய படத்தை வைக்கும். அந்தப் படம் அழைக்கப்பட்டால் "திறந்தார்" என்று எழுதிக்கொள்ளும். பல சேவைகள் அந்தப் படத்தைக் கடிதத்தின் அடியில் வைக்கின்றன. கடிதம் வெட்டுப்பட்டால் அடியில் உள்ள படமும் வெட்டுப்பட்டதோடு போய்விடும். அப்போது கடிதத்தை ஆர்வமாக வாசித்தவர்கூட "திறக்கவில்லை" என்ற கணக்கில் விழுவார். அதனால் குறைவு ஒரு அடையாளம்தான்.

ஆனால் மொத்த எண்ணைப் பார்த்து முடிவுக்கு வர முடியாது. மக்கள் திறக்காமல் விட்டாலும் அந்த எண் குறையும். ஆப்பிள் மெயில் 2021 இலிருந்து, அந்தப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்குப் படங்களை முன்கூட்டியே தானே இறக்கிவிடுகிறது, வாசித்தாரோ இல்லையோ திறந்ததாகக் கணக்கு ஏறும். ஒன்று கூட்டும், ஒன்று குறைக்கும். பிரித்துப் பார்த்தால்தான் பயன். ஜிமெயில் முகவரிகளில் மட்டும் அந்த மாதம் சட்டென்று விழுந்து, மற்ற முகவரிகளில் வழக்கம்போல இருந்தால் வெட்டைச் சந்தேகிக்கலாம்.

இதைவிட நம்பத்தக்கது பதிவு இணைப்பு. அதையே கடிதத்தில் இரண்டு இடங்களில் வையுங்கள், முதல் அறிமுகத்துக்குக் கீழே ஒன்று, இறுதியில் ஒன்று. இரண்டுக்கும் வால் மட்டும் வேறு:

```
?idam=mel
?idam=kadai
```

எந்த வாலோடு ஆட்கள் வருகிறார்கள் என்று பார்க்கலாம். ஜிமெயில்காரர்கள் எல்லோரும் `mel` இல் மட்டும் வந்து, யாகூக்காரர்கள் இரண்டிலும் வந்தால் விளங்கிவிடும். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பட்டியல் முந்நூறுதான், அழுத்துகிறவர்கள் இருபது முப்பது பேர் என்றால், `kadai` இல் ஒருவரும் வராதது தற்செயலாகவும் இருக்கலாம். அப்போது கொட்டாஞ்சேனை அக்காவின் போன்தான் உறுதியான சாட்சி. அவர் கேட்கும் கேள்வி மிகச் சரியான கேள்வி.

---

பழைய அச்சகம்

நான் நேற்று இரவு என் ஜிமெயிலில் சோதித்தேன். எனக்கே ஒரு கடிதத்தை அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பினேன். இரண்டாவதில் அடிப்பகுதி காணவில்லை. கடிதம் சின்னது, இரண்டு பக்கம்தான். அப்படியானால் 102 கேபி என்ற கணக்கு பிழை.

---

அஞ்சல்காரன்

ஐயா, அந்த இடத்தில் மூன்று புள்ளி போட்ட ஒரு சிறிய பொத்தான் இருந்ததா? இருந்தால் அது வேறு விஷயம். ஒரே தலைப்பில் வரும் அஞ்சல்களை ஜிமெயில் ஒரே உரையாடலாகச் சேர்த்து, முன்னைய அஞ்சலில் ஏற்கனவே இருந்த பகுதியை மடித்து வைக்கும். மேற்கோள் என்று நினைத்துக்கொள்கிறது. புள்ளியை அழுத்தினால் அதே இடத்தில் விரியும். எடையால் வரும் வெட்டில் `Message clipped` என்று எழுதியே இருக்கும், விரியாது, வேறு பக்கத்துக்குத்தான் போகும்.

சோதனைக் கடிதம் அனுப்பும் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் தலைப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் கலந்து குழப்பும்.

---

பழைய அச்சகம்

ஓம், மூன்று புள்ளிதான். இப்போது விரித்துப் பார்த்தேன், இருக்கிறது.

---

அஞ்சல்காரன்

நூல்வட்டம் அக்கா, உங்கள் கோப்பைப் பார்த்துவிட்டேன். வட்ட எண்களில் சொல்கிறேன். மொத்தம் 131,000 பைட். அதில் வாசிக்கும் தமிழ் 57,000. வார்ப்புருவும் அடிக்குறிப்பும் 17,000. இணைப்புகள் 5,000. மீதி 52,000 பைட்டும் வேர்டிலிருந்து ஒட்டியதோடு வந்த குப்பை.

அது எப்படிச் சேர்கிறது என்பதைக் காட்ட உங்கள் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டைப் போடுகிறேன்:

```
<span lang=TA style='font-size:12.0pt;
font-family:"Latha","sans-serif"'>
```

வேர்ட் ஒரு பத்திக்கு ஒருமுறை இதைப் போடுவதில்லை. தமிழுக்கு நடுவில் ஒரு இலக்கமோ அடைப்புக்குறியோ வந்தால் அங்கே ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கிறது. நூல் அறிமுகங்களில் ஆண்டு, பக்க எண், விலை என்று வரிக்கு வரி இலக்கம் வருவதால் உங்களுக்கு இது மிக அதிகம். கண்ணுக்கு எதுவும் தெரியாது, கடிதம் அழகாகவே இருக்கும். எல்லை ஏறக்குறைய 104,000 என்று வைத்தால் நீங்கள் 27,000 தாண்டியிருக்கிறீர்கள். வேர்ட் குறிகளை மட்டும் எடுத்தால் 79,000 க்கு இறங்கும். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கத் தேவையில்லை.

அதற்கு ஒட்டும்போது Ctrl+Shift+V கொடுங்கள், அல்லது முதலில் நோட்பேடில் ஒட்டி அங்கிருந்து எடுங்கள். தடித்த எழுத்தையும் தலைப்புகளையும் பிறகு சேவையின் பக்கத்திலேயே போடுங்கள்.

இணைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 14 இணைப்புக்கு 5,000 பைட் என்பது நீங்கள் எழுதிய முகவரிகளின் நீளம் அல்ல. யார் அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காக, சேவை அனுப்பும் நேரத்தில் ஒவ்வொன்றையும் தன் சொந்த நீண்ட முகவரியாக மாற்றுகிறது. அதனால் அனுப்பும் முன் பக்கத்திலிருந்து எடுத்த எச்.டி.எம்.எல்லை எடை பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். எடை பார்க்க வேண்டியது உங்கள் பெயரில் பட்டியல் வழியாக வந்து சேர்ந்த பிரதியை. நான் 90,000 ஐத் தாண்டவிட மாட்டேன்.

---

கணக்குப்பிள்ளை

இன்னொரு இடத்திலும் எடை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். சில பழைய தொகுப்பிகள் தமிழை எழுத்தாக வைக்காமல் எண்ணாக மாற்றிவிடும். "க" என்பது `&#2965;` ஆகிவிடும். 3 பைட் இருந்த இடத்தில் 7. திரையில் தமிழாகவே தெரியும். நூல்வட்டத்தின் கடிதத்தில் அது இல்லை போலத் தெரிகிறது, ஆனால் இதே பிரச்சினையோடு இங்கே வருகிறவர்கள் மூலத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

---

நூல்வட்டம் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சியின் மகனோடு உட்கார்ந்து அதே கடிதத்தை வெறும் எழுத்தாக ஒட்டி, தலைப்பை மாற்றி, எங்கள் குழுவினரின் ஜிமெயில் முகவரிகளைக் கொண்ட சிறு பட்டியலுக்கு அனுப்பினோம். வந்து சேர்ந்த பிரதி 80,000 க்குச் சற்றுக் கீழே. எல்லோருக்கும் கடைசி வரி தெரிகிறது. ஒவ்வொருவரையும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

அக்கா சொன்னதை யோசித்தோம். இடம், நேரம் இனி முதலிலேயே வரும், அதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்து இல்லை. இறுதியில் "கடிதம் இத்துடன் முடிகிறது" என்ற வரியையும், தொடக்கத்தில் "அந்த வரி தெரியாவிட்டால் அடியில் உள்ள இணைப்பை அழுத்துங்கள், அல்லது எனக்குப் போன் எடுங்கள்" என்ற வரியையும் வைக்கப் போகிறோம். 

ஆனால் கடிதத்தையே சுருக்கி, கட்டுரையை இணையத்தில் போட்டு இணைப்பு மட்டும் கொடுக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் வயதான உறுப்பினர்கள் இணைப்பை அழுத்தப் பயப்படுகிறார்கள். மோசடி இணைப்புகளைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

---

கொட்டாஞ்சேனை அக்கா

அப்படிப் பயப்படுகிறவர்கள் `View entire message` ஐயும் அழுத்த மாட்டார்கள். அதனால் நீங்கள் வைக்கும் தொடக்க வரியில் போன் இலக்கத்தை முதலில் போடுங்கோ.

சுருக்குவதைப் பற்றி நான் மற்றப் பக்கம். எங்கள் சங்கக் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. நீளமானதை நாங்கள் இரண்டு கடிதமாக, இரண்டு கிழமை இடைவெளியில் அனுப்புவோம். வாசிக்கிறவர்களுக்கும் லேசு.

---

அஞ்சல்காரன்

இரண்டாகப் பிரிப்பது நல்ல வழி, தலைப்பு வேறாக இருக்கும்வரை. நீளத்தை உங்கள் குழு முடிவு செய்யட்டும். 57,000 பைட் தமிழுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. அடுத்த மாதம் கட்டுரை இரண்டாகி 90,000 ஐ நெருங்கினால் மட்டும் யோசித்தால் போதும்.

ஒவ்வொரு மாதமும் அனுப்பியவுடன் உங்கள் சொந்த ஜிமெயில் பிரதியில் அந்த நிரலை ஓட்டி எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தக் கட்டுரையாளரின் கோப்பு வந்த மாதம் எடை ஏறுகிறது என்று அதில் தெரியும்.

---

தெஹிவளைத் தம்பி

அண்ணா, ஒரு கேள்வி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படத்தை அடியில் வைக்காமல் மேலே வைக்கச் சொல்லிச் சேவையிடம் கேட்க முடியாதா? அப்போது திறந்தவர்கள் கணக்காவது சரியாக வரும்.

---

அஞ்சல்காரன்

சில சேவைகளில் அதற்கு வழி உண்டு, கேட்டுப் பார்க்கலாம். ஆனால் தம்பி, மேலே வைத்தால் வெட்டுப்பட்டதைக் காட்டிக்கொடுத்த அந்தக் குறைவும் மறைந்துவிடும். நான் இரண்டிலும் வைப்பேன். மேலுள்ளது வந்து அடியிலுள்ளது வராத ஜிமெயில் முகவரிகள் கூடினால், அந்த மாதம் கடிதம் வெட்டுப்பட்டிருக்கிறது.

---

நூல்வட்டம் (வெள்ளவத்தை)

சேவைக்கு இன்றே எழுதுகிறேன். பழைய மண்டபத்து வாசலில் நின்ற இருவரிடமும் அடுத்த கடிதம் போனதும் நானே போன் எடுத்துக் கடைசி வரியைக் கேட்பேன்.